வெளிநாட்டுச் சேமிப்பை இப்போதே மாற்றுவதா, வட்டி முடிவு வரும்வரை வைத்திருப்பதா?

கேள்வி: அண்ணா, ஒன்பது வருடம் வெளிநாட்டில் வேலை பார்த்துச் சேர்த்ததில் 40,000 டாலர் இன்னும் அங்கேயே சேமிப்புக் கணக்கில் கிடக்கிறது. நான் திரும்பி வந்துவிட்டேன். வீட்டுக்கான கடைசித் தவணை 15 லட்சத்தை இன்னும் மூன்று மாதத்தில் கட்டியாக வேண்டும். மகள் அங்கே படிக்கிறாள், அவளுக்கு அடுத்த வருடம் 5,000 டாலர் வரை கட்டணம் வரும். மிச்சத்துக்கு இப்போதைக்கு எந்தத் திட்டமும் இல்லை. அடுத்த மாதம் மத்திய வங்கி வட்டியைப் பற்றி முடிவு சொல்லப் போகிறதாம். ஒருவர் டாலர் ஏறும், பொறு என்கிறார், இன்னொருவர் இறங்கும், உடனே மாற்று என்கிறார். தினம் காலையில் எழுந்ததும் ரேட் பார்ப்பதே வேலையாகிவிட்டது. மாற்றவா, காத்திருக்கவா?

பதில்: தம்பி, உங்கள் கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது, கவனித்தீர்களா? கையில் இருப்பது 40,000 டாலர் என்கிறீர்கள், ஆனால் நீங்கள் எழுதியிருப்பது மூன்று தனித்தனிப் பணங்களைப் பற்றி. மூன்று மாதத்தில் உள்ளூர்ப் பணமாகச் செலவாகப் போவது ஒன்று, அடுத்த வருடம் டாலராகவே செலவாகப் போவது ஒன்று, செலவுக்குத் தேதியே இல்லாதது ஒன்று. இந்த மூன்றுக்கும் சேர்த்து ஒரே முடிவு எடுக்கப் பார்ப்பதால்தான் தலை சுற்றுகிறது. பிரித்துப் பார்த்தால் இரண்டு பணத்துக்கு முடிவு தானாக வந்துவிடும். மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியது மூன்றாவதற்கு மட்டும்தான், அதையும் கணக்குப் போட்டே பார்க்கலாம்.

பல நாடுகளிலிருந்து படிக்கிறார்கள் என்பதால் கணக்கு சுலபமாக இருக்க ஒரு டாலருக்கு உள்ளூர்ப் பணம் 100 என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் ரேட்டைப் போட்டு நீங்களே மாற்றிப் பாருங்கள்.

## முதலில் எதை வைத்து அளப்பது

ரேட் ஏறுமா இறங்குமா என்பது அளவுகோல் ஆகாது, ஏனென்றால் அது யாருக்கும் தெரியாது. சும்மா சொல்லவில்லை. 1983-இல் ரிச்சர்ட் மீஸ், கென்னத் ரோகாஃப் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள், அப்போது இருந்த மாற்று விகித மாதிரிகளை எடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு வருடத்துக்கு உட்பட்ட காலத்துக்கு, "நாளைய ரேட்டும் இன்றைய ரேட்தான்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் கணிப்பை அந்த மாதிரிகளால் வெல்ல முடியவில்லை. அதன் பிறகு எத்தனையோ பேர் முயன்றும், குறுகிய காலத்துக்கு அந்தக் கணிப்பை நம்பகமாகத் தோற்கடிக்க வழி கிடைக்கவில்லை. ஆகவே நமக்குத் தெரியக்கூடிய விஷயங்களை மட்டும் அளவுகோலாக எடுத்துக்கொள்வோம். எனக்கு நான்கு படுகிறது.

செலவு எந்தப் பணத்தில், எப்போது? டாலராகச் செலவாக வேண்டியதை இன்று மாற்றிவிட்டு அடுத்த வருடம் மறுபடி டாலர் வாங்கினால் இரண்டு தடவை கட்டணம் அழுகிறீர்கள். அதேபோல, தேதி குறித்த உள்ளூர்ச் செலவை டாலரில் வைத்திருப்பது, தெரிந்தோ தெரியாமலோ ரேட் மீது பந்தயம் கட்டுவது.

காத்திருப்பதன் வாடகை எவ்வளவு? இதைத்தான் முக்கால்வாசிப் பேர் கணக்கிலேயே எடுப்பதில்லை. உள்ளூரில் வைப்புத்தொகைக்கு ஆண்டுக்கு 8 சதவீதம், டாலர் கணக்கில் 2 சதவீதம் என்று வையுங்கள். 20,000 டாலரை இன்று மாற்றிப் போட்டால் 20 லட்சம், மூன்று மாதத்தில் அதற்கு வட்டி 40,000. மாற்றாமல் வைத்தால் மூன்று மாதத்தில் 100 டாலர் வட்டி, அதாவது 10,000. வித்தியாசம் 30,000. ரேட் 100-லேயே ஆணி அடித்தாற்போல் நின்றாலும் காத்திருந்தவர் 30,000 இழந்துவிட்டார். திரும்பிச் சமமாக வேண்டுமென்றால் ரேட் எங்கே போக வேண்டும்? 100 × 1.02 ÷ 1.005, அதாவது 101.49-க்கு. ஒரு வருடம் காத்திருந்தால் அந்தச் சமநிலை ரேட் 105.88. "ரேட் 101 ஆயிடுச்சு பார், நல்லவேளை மாத்தல" என்று சந்தோஷப்படுபவர் உண்மையில் நஷ்டத்தில்தான் இருக்கிறார்.

உங்கள் நிலைமை தலைகீழாகவும் இருக்கலாம். வெளிநாட்டு வட்டி உள்ளூரை விட அதிகமாக இருந்தால் காத்திருப்பவருக்கே வாடகை வரும். ஆனால் உங்கள் பணம் அங்கே சாதாரணச் சேமிப்புக் கணக்கில் கிடப்பதாகச் சொல்கிறீர்கள். அந்த நாட்டின் வட்டி 4, 5 என்று செய்தியில் வந்தாலும் சேமிப்புக் கணக்கு பெரும்பாலும் அதைத் தருவதில்லை. உங்கள் கணக்கில் போன மாதம் நிஜமாக விழுந்த வட்டியை எடுத்துப் போடுங்கள். இரண்டு பக்கமும் வரி போக மிஞ்சுவதைத்தான் ஒப்பிட வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

மாற்றும் செலவு எவ்வளவு? தேடினால் கிடைக்கும் ரேட் நடு விகிதம். அதாவது பெரிய வங்கிகள் தங்களுக்குள் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் உள்ள எண். அது நமக்குக் கிடைக்காது. நடு விகிதம் 100 என்றால் ஒரு வங்கி 98.50 தரும், இன்னொரு சேவை 99.40 தரும். "கட்டணம் இல்லை" என்று பெரிதாகப் போட்டிருந்தால் அந்த 1.50-க்குள்தான் கட்டணம் ஒளிந்திருக்கிறது. 20,000 டாலருக்கு இந்த இரண்டுக்கும் இடையே 18,000 வித்தியாசம். இது ரேட் கிட்டத்தட்ட ஒரு சதவீதம் ஏறுவதற்குச் சமம், அதுவும் எந்தப் பந்தயமும் கட்டாமல், ஒரு மதிய நேரம் நான்கு இடத்தில் விசாரித்தால் கிடைப்பது.

நாணயம் எந்த வகை, திரும்பிப் போக வழி உண்டா? சந்தையில் தினமும் மிதக்கும் நாணயமா, மத்திய வங்கி பிடித்துவைத்திருக்கும் நாணயமா என்பது எல்லாவற்றையும் மாற்றும், கீழே சொல்கிறேன். சில நாடுகளில் வெளிநாட்டுப் பணக் கணக்கில் இருக்கும்வரை எளிதாக மறுபடி வெளியே அனுப்பலாம், உள்ளூர்ப் பணமாக மாற்றிவிட்டால் உச்சவரம்பும் படிவங்களும் வந்துவிடும். மாற்றுவதற்கு முன் உங்கள் வங்கியில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது.

## அந்த வட்டிச் செய்தி என்னதான் செய்யும்?

நீங்கள் கேள்விப்படும் தர்க்கம் இதுதான்: வட்டி குறைந்தால் அந்த நாட்டுப் பணம் இறங்கும், கூடினால் ஏறும். புத்தகத்தில் சரி. ஆனால் சந்தை முடிவு வரும்வரை கைகட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. எல்லோரும் எதிர்பார்க்கும் வட்டிக் குறைப்பு, அறிவிப்புக்கு வாரக்கணக்கில் முன்பே விலைக்குள் ஏறிவிடும். அன்று ரேட்டை அசைப்பது எதிர்பார்ப்புக்கும் முடிவுக்கும் உள்ள இடைவெளி மட்டும்தான்.

2024-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க மத்திய வங்கி செப்டம்பர் 18 அன்று வட்டியை அரை சதவீதப் புள்ளி குறைத்தது. நவம்பரிலும் டிசம்பரிலும் கால் கால் புள்ளி, மொத்தம் ஒரு புள்ளி. "வட்டி குறையப் போகிறது, டாலர் விழும், அதற்குள் மாற்று" என்று ஓடியவர்கள் என்ன கண்டார்கள்? முக்கிய நாணயங்களுக்கு எதிரான டாலர் குறியீடு செப்டம்பரில் 101-ஐ ஒட்டி இருந்தது, டிசம்பர் கடைசியில் 108-க்கு ஏறி நின்றது. குறைப்பு முன்பே விலைக்குள் போய்விட்டது. அதன் பிறகு வந்த வலுவான பொருளாதாரப் புள்ளிவிவரங்களும் தேர்தல் முடிவும் "இனி அவ்வளவு வேகமாகக் குறைக்க மாட்டார்கள்" என்ற எண்ணத்தை உண்டாக்கின. செய்தியைச் சரியாகக் கணித்தும் ரேட்டைத் தப்பாகக் கணிக்கலாம்.

எதிர்பார்ப்பே ஒட்டுமொத்தமாகத் தவறிப்போனதும் உண்டு. 2016 ஜூன் 23 இரவு, ஐரோப்பிய ஒன்றியத்தில் பிரிட்டன் தொடரும் என்று நம்பி பவுண்டு 1.50 டாலரைத் தொட்டது. விடிவதற்குள் 1.33-க்கும் கீழே. தூங்கி எழுந்தவர்களுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் காணோம்.

இந்த இரண்டும் மிதக்கும் நாணயங்கள். பிடித்துவைத்த நாணயத்தின் கதை வேறு. அங்கே மாதக்கணக்கில் எதுவும் அசையாது, பிறகு ஒரே தாவல். எகிப்து பவுண்டு 2024 மார்ச் 6 அன்று டாலருக்குச் சுமார் 31-லிருந்து 50-ஐ ஒட்டிப் போனது. இலங்கை ரூபாய் 2022 மார்ச் தொடக்கம் வரை சுமார் 203-இல் நிறுத்தப்பட்டிருந்தது, பிடியை விட்டதும் மே மாதத்தில் 360 பக்கம் போனது. இப்படிப்பட்ட இடங்களில் டாலரை வைத்திருந்தவர்கள் பிழைத்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் அதன் அடுத்த பாதியை யாரும் சொல்வதில்லை. இலங்கையில் 360 வந்தபின் 400 வரும், 500 வரும் என்று காத்திருந்தவர்கள் 2023 நடுவில் 300-ஐ ஒட்டிய ரேட்டைப் பார்த்தார்கள். பிடி தளரப் போகிறது என்பதற்கு அடையாளங்கள் உண்டு: வங்கிகள் டாலர் விற்க மறுப்பது, வெளியே கேட்கும் விலைக்கும் வங்கி விலைக்கும் இடைவெளி அகலமாவது, இறக்குமதிக்குத் தடைகள் வருவது, நாட்டின் வெளிநாட்டுப் பணக் கையிருப்பு மாதாமாதம் கரைவது. இவை உங்கள் நாட்டில் தெரிந்தால் திட்டமில்லாத பணத்தை அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். தெரியாவிட்டால் எகிப்துக் கதையைக் காட்டி யாரும் உங்களைப் பயமுறுத்த விடாதீர்கள்.

## வழி 1: மொத்தத்தையும் இப்போதே மாற்றுவது

இதன் பெரிய லாபம், தொகை தெரிந்துவிடும். வாடகைக் கணக்கும் உங்கள் பக்கம் வேலை செய்யும், மாற்றிய அன்றிலிருந்தே உள்ளூர் வட்டி ஓட ஆரம்பிக்கும். ஒரே பரிமாற்றம், ஒரே கட்டணம். பெரிய தொகைக்குச் சில இடங்களில் பேசி ரேட்டை ஏற்றவும் முடியும். கிளையில் கேட்காவிட்டால் தர மாட்டார்கள், கேட்டால் பத்து, இருபது காசு ஏற்றித் தருவதை நானே பார்த்திருக்கிறேன்.

மறைந்திருக்கும் செலவு மாற்றிய பிறகுதான் தெரியும். மாற்றிய பணம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் அது செலவாகும். உங்களுக்கு இன்னொரு செலவும் உண்டு, மகளின் 5,000. அதையும் சேர்த்து மாற்றினால் போகும்போது 0.6 சதவீதம், வரும்போது இன்னொரு சதவீதம் என்று கொடுத்துவிட்டுப் பழைய இடத்திலேயே நிற்பீர்கள். இன்னொன்று, திடீரென்று பெரிய தொகை வந்தால் பணம் எங்கிருந்து வந்தது என்று வங்கி ஆவணம் கேட்கும். என் பணம் ஒரு தடவை சம்பளச் சீட்டுகளை அனுப்பும்வரை ஆறு நாள் நடுவழியில் நின்றது. அந்த ஆறு நாளில் ரேட் நகர்ந்தது எனக்குப் பாதகமாகத்தான், வேறெப்படி?

இது யாருக்கு நல்லது: ஆறு மாதத்துக்குள் உள்ளூரில் கட்டியாக வேண்டிய தொகை உள்ளவர்களுக்கு, உள்ளூர் வட்டி நன்றாக மேலே இருக்கும் நாட்டில் இருப்பவர்களுக்கு, அதிக வட்டிக் கடன் தலைமேல் உள்ளவர்களுக்கு. 12 சதவீதக் கடனை வைத்துக்கொண்டு 2 சதவீத டாலரைக் கட்டிப்பிடித்திருப்பவருக்கு வேறு எந்த ஆலோசனையும் தேவையில்லை, மாற்றிக் கடனைக் கட்டலாம்.

## வழி 2: முடிவு வரும்வரை காத்திருப்பது

நேர்மையாகச் சொன்னால் இது பந்தயம், ஆனால் எல்லாப் பந்தயமும் கெட்டதில்லை. அளவைப் பாருங்கள். ஒரு நாணயம் வருடத்தில் வழக்கமாக 8 சதவீதம் ஏறி இறங்கும் வகை என்றால், மூன்று மாதத்துக்கு அது பாதியாக, சுமார் 4 சதவீதமாக இருக்கும் (காலத்தின் வர்க்கமூலத்தில் போகும், கால் வருடத்துக்குப் பாதி). அதாவது 100 என்பது மூன்று மாதத்தில் 96 ஆகவும் ஆகலாம், 104 ஆகவும் ஆகலாம், இரண்டுமே சாதாரணம். வீட்டுத் தவணைக்கான 15,000 டாலரில் இந்த 4 என்பது 60,000. ஏறினால் 60,000 கூடுதல், நல்ல சோஃபா வாங்கலாம். இறங்கினால் 60,000 துண்டு விழும், தவணைத் தேதியில் யாரிடமாவது கைமாற்று வாங்க வேண்டும். இரண்டும் ஒரே தொகைதான், ஆனால் உங்கள் வீட்டில் இரண்டும் ஒரே எடை இல்லை.

இதில் மறைந்திருக்கும் செலவு அந்த வாடகை மட்டுமில்லை. முடிவு நாளில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி அகலமாகும், சேவை நிறுவனங்கள் தங்கள் பாதுகாப்புக்கு இன்னும் கொஞ்சம் தள்ளி ரேட் போடும். நீங்கள் பார்க்கும் எண்ணுக்கும் உங்களுக்குக் கிடைக்கும் எண்ணுக்கும் உள்ள தூரம் அன்றைக்குத்தான் அதிகம். வார இறுதியிலும் இதே கதை.

அதை விடப் பெரிய செலவு, காத்திருப்பு முடிவதில்லை என்பது. முடிவு வந்துவிடும், ஆனால் உடனே "அடுத்த கூட்டத்தில் என்ன செய்வார்களோ" என்று அடுத்த செய்தி தொடங்கும். நானும் இதில் மாட்டியவன். ஒரு முழு எண்ணுக்காகக் காத்திருந்தேன். ரேட் அதற்கு முப்பது காசு கீழே வரைக்கும் ஒரு வியாழக்கிழமை மதியம் வந்தது, நாளைக்குத் தொட்டுவிடும் என்று தூங்கப் போனேன். அப்புறம் எட்டு மாதம் அது அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. அந்த முழு எண்ணுக்கு எந்த அர்த்தமும் கிடையாது, எனக்கு மட்டுமல்ல, அதே எண்ணுக்காகக் காத்திருந்த ஆயிரம் பேருக்கும்.

இது யாருக்கு நல்லது: செலவுத் தேதி இல்லாத பணத்துக்கு, வெளிநாட்டு வட்டி உள்ளூருக்குச் சமமாகவோ மேலாகவோ இருக்கும்போது, அல்லது மேலே சொன்ன பிடி தளரும் அடையாளங்கள் தெரியும்போது. அப்போதும் "இந்தத் தேதிக்குப் பின் ரேட் என்னவானாலும் மாற்றுவேன்" என்று ஒரு தேதியை எழுதி வைத்துவிட்டுக் காத்திருங்கள்.

## வழி 3: பிரித்துப் பிரித்து மாற்றுவது

20,000 டாலரை மாதம் 5,000 வீதம் நான்கு தடவை. ரேட் 100, 98, 96, 94 என்று இறங்கினால் உங்கள் சராசரி 97. 100, 102, 104, 106 என்று ஏறினால் 103. எப்படிப் போனாலும் நடுவில்தான் இருப்பீர்கள், சிறந்த ரேட்டும் கிடைக்காது, மோசமானதும் கிடைக்காது. இதனால் சராசரி லாபம் கூடும் என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம், கூடாது. குறைவது மோசமான நாளில் மொத்தத்தையும் மாற்றிவிடும் ஆபத்தும், அதைவிட முக்கியமாக, பின்னால் உங்களையே திட்டிக்கொள்ளும் வாய்ப்பும்.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது? ஒவ்வொரு தடவையும் ஒரு நிலையான கட்டணம் விழும் முறையாக இருந்தால் நான்கு தடவை விழும். வங்கி வழியாக அனுப்பும்போது படிவத்தில் OUR, SHA, BEN என்று மூன்று தேர்வு இருக்கும், கட்டணத்தை யார் ஏற்பது என்பதற்கு: OUR என்றால் அனுப்புபவர், BEN என்றால் பெறுபவர், SHA என்றால் இருவரும் பகிர்ந்து. SHA என்று விட்டுவிட்டால் நடுவில் உள்ள வங்கி ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு மீதியை அனுப்பலாம். 5,000 அனுப்பி 4,975 வந்து சேர்ந்தால் அந்த 25 டாலர் அரை சதவீதம், நான்கு தடவைக்கு 100 டாலர் போய்விட்டது. ஆகவே சதவீதத்தில் கட்டணம் வாங்கும் சேவைக்குப் பிரித்து அனுப்புவது சரி, தடவைக்கு இவ்வளவு என்று வாங்குவதற்கு இரண்டு தடவைக்கு மேல் பிரிக்காதீர்கள். மாற்றாமல் மிச்சமிருக்கும் பகுதிக்கு வாடகையும் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

பிரிப்பதில் ஒரே விதி, தேதியை முன்பே குறிப்பது. "இந்த மாதம் ரேட் சரியில்லை, அடுத்த மாதம் சேர்த்து மாற்றுகிறேன்" என்று ஒரு தடவை சொன்னால் நீங்கள் வழி 2-க்குத் திரும்பிவிட்டீர்கள்.

இது யாருக்கு நல்லது: தேதி இல்லாத, ஆனால் கடைசியில் உள்ளூரில்தான் செலவாகும் பணத்துக்கு. ராத்திரி மூன்று மணிக்கு ரேட் பார்ப்பவர்களுக்கும்.

## வழி 4: ரேட்டைப் பூட்டுவது, அல்லது எல்லை வைப்பது

சில வங்கிகளும் பரிமாற்ற நிறுவனங்களும் தனிநபருக்கும் முன்பேர ஒப்பந்தம் தருகின்றன: மூன்று மாதம் கழித்து இந்த ரேட்டில் மாற்றுகிறேன் என்று இன்றே கையெழுத்து. உங்கள் டாலர் வைப்பில் பூட்டப்பட்டிருந்து அதை உடைக்க முடியாத நிலையில் இது உதவும். 101 பக்கத்தில் ரேட் சொன்னால் "ஆகா, வங்கியே டாலர் ஏறும் என்கிறது" என்று நினைக்காதீர்கள். அது நாம் மேலே போட்ட அதே வட்டி வித்தியாசக் கணக்கு, 101.49-லிருந்து அவர்கள் பங்கை எடுத்துக்கொண்ட எண். கணிப்பு ஒன்றும் இல்லை. முன்பணம் கேட்பார்கள், குறைந்தபட்சத் தொகை இருக்கும். முக்கியமாக, வீட்டு ஒப்பந்தம் நின்றுபோனாலும் நீங்கள் மாற்றியே ஆக வேண்டும், அல்லது அன்றைய விலைக்கு முறித்துக்கொண்டு நஷ்டத்தைக் கட்ட வேண்டும்.

லிமிட் ஆர்டர் இன்னும் எளிது. 102 வந்தால் தானாக மாற்று என்று போட்டுவைப்பது. ஆனால் உங்கள் 102 எந்த ரேட்டுடன் ஒப்பிடப்படுகிறது என்று கேளுங்கள். ஒரு தடவை கூகுளில் 102 தாண்டி இரண்டு நாள் நின்றது, என் ஆர்டர் அசையவில்லை. கேட்டால், "எங்கள் வாடிக்கையாளர் ரேட் 101.60 வரைக்கும்தான் வந்தது சார்" என்றார்கள். கீழ் எல்லைக்கு வைக்கும் ஆர்டரையும் முழுதாக நம்பக் கூடாது. 2015 ஜனவரி 15 அன்று சுவிஸ் மத்திய வங்கி, யூரோவுக்கு 1.20 பிராங்க் என்று மூன்று வருடத்துக்கு மேல் காத்த எல்லையை முன்னறிவிப்பின்றி விட்டது. நிமிடங்களில் யூரோ ஒரு பிராங்குக்கும் கீழே போனது. 1.19-இல் விற்று வெளியேறிவிடலாம் என்று ஆர்டர் வைத்திருந்த பலருக்கு அதை விட வெகு கீழேதான் விலை கிடைத்தது, நடுவில் வாங்குவோரே இல்லை.

இது யாருக்கு நல்லது: தேதியும் தொகையும் உறுதியாக இருந்து, பணம் மட்டும் பிறகுதான் கைக்கு வரும் என்பவர்களுக்கு. உங்கள் பணம் இப்போதே கையில் இருக்கிறது, உங்களுக்கு இது தேவையில்லை.

## நான்கையும் பக்கத்தில் வைத்தால்

| | இப்போதே | காத்திருப்பு | பிரித்து | ரேட் பூட்டு |
|---|---|---|---|---|
| தொகை உறுதியா? | உறுதி | இல்லை | ஓரளவு | உறுதி |
| காத்திருப்பு வாடகை | இல்லை | முழுதும் | ஏறக்குறையப் பாதி | ரேட்டிலேயே ஈடாகும் |
| மறைமுகச் செலவு | மறுபடி டாலர் வாங்க நேர்வது | முடிவு நாளின் அகன்ற இடைவெளி | தடவைக்கட்டணம் | முன்பணம், முறிவு நஷ்டம் |
| பொருந்துவது | தேதி உள்ள செலவு | பிடி தளரும் நாணயம் | தேதி இல்லாத சேமிப்பு | பிறகு வரும் பணம் |

## உங்கள் 40,000-ஐ நான் என்ன செய்வேன்

வீட்டுத் தவணையை முதலில். 99.40 தரும் இடத்தில் 14,800 டாலரை மாற்றினால் 14,71,120. அதை மூன்று மாத வைப்பில் 8 சதவீதத்துக்குப் போட்டால் முடிவில் 15,00,542. தவணை சரியாக நின்றுவிட்டது, வட்டி முடிவு என்னவானாலும். வட்டியில் வரி பிடிப்பார்கள் என்றால் 15,000 டாலரை மாற்றுங்கள், கையில் கொஞ்சம் மிஞ்சும். வைப்பின் முதிர்வு தவணைக்கு ஒரு வாரம் முன்பு வரும்படி பாருங்கள். முதலில் 200 டாலர் மட்டும் அனுப்பிப் பாருங்கள், எவ்வளவு குறைந்து வந்து சேருகிறது, எத்தனை நாள் ஆகிறது என்று கையோடு தெரிந்துவிடும். ஆவணம் கேட்பதாக இருந்தாலும் பெரிய தொகை நடுவழியில் நிற்காது.

மகளின் 5,000-ஐத் தொடவே தொடாதீர்கள். அது டாலராகவே இருக்கட்டும், வேண்டுமானால் சேமிப்புக் கணக்கிலிருந்து எடுத்து அங்கேயே ஒரு வருட வைப்பில் போடுங்கள்.

மிச்சம் 20,000. உங்கள் நாணயம் சாதாரணமாக மிதப்பது, வட்டி வித்தியாசம் நான் போட்ட கணக்கைப் போல இருக்கிறது என்றால், நான் பாதியை இந்த மாதமும் பாதியை வட்டி முடிவு வந்து ஒரு வாரம் கழித்தும் மாற்றுவேன். அன்றைக்கே இல்லை, ஒரு வாரம் கழித்து, இடைவெளி மறுபடி சுருங்கிய பிறகு. உள்ளூர் வட்டியும் டாலர் வட்டியும் ஏறக்குறைய ஒன்றுதான் என்றால் அவசரமே இல்லை, ஐந்தாயிரமாக ஒரு வருடத்துக்குப் பரப்பலாம். வருங்காலத்தில் நீங்களோ மகளோ அந்த நாட்டில் இன்னும் செலவு செய்யும் வாய்ப்பு உண்டு என்றால் அதில் ஒரு பங்கை டாலராகவே விடுவதிலும் தப்பில்லை. அதைக் காத்திருப்பு என்று சொல்ல வேண்டாம், அது அந்தச் செலவுக்கான பணம்.

கேள்வி (அதே தம்பி, பிறகு எழுதியது): தெரிந்தவர் ஒருவர் வங்கி இல்லாமல் கைக்குக் கை கொடுத்தால் 103 தருவதாகச் சொல்கிறாரே அண்ணா?

பதில்: வேண்டாம். நடு விகிதம் 100-ஆக இருக்கும்போது ஒருவர் 103 தருகிறார் என்றால் அந்த மூன்று எங்கிருந்து வருகிறது என்று யோசியுங்கள். பல நாடுகளில் அது சட்டவிரோதம். அதை விடுங்கள், உங்கள் விஷயத்தில் நடைமுறைச் சிக்கலே போதும்: வீட்டுப் பத்திரத்துக்கு 15 லட்சம் எங்கிருந்து வந்தது என்று நாளைக்குக் கேட்டால் காட்ட ஒரு துண்டுக் காகிதம் இருக்காது. வங்கி வழியே வந்த பணத்துக்கு வெளிநாட்டுப் பணம் வந்ததற்கான சான்றிதழ் கேட்டு வாங்கி, வீட்டுக் காகிதங்களோடு சேர்த்து வையுங்கள். பணம் வந்த வாரமே கேளுங்கள், ஒரு வருடம் கழித்துப் போனால் தேடித் தருகிறோம் என்று அலைய விடுவார்கள்.